பதிவான தானம் செல்லாது, பதிவாகாத தானம் செல்லும்: ஒரே வீட்டில் இரண்டு பத்திரங்கள்

"செட்டில்மெண்ட் எழுதி ரிஜிஸ்டர் பண்ணியாச்சு சார், இனி யாரும் கேள்வி கேட்க முடியாது" என்று நம்பிக்கையோடு சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வாங்கிக்கொள்பவருக்கு அது தெரியுமா? பாதிப் பேர் பதில் சொல்வதற்குள் தயங்குவார்கள்.

பல குடும்பங்களில் பார்த்ததை ஒரு குடும்பமாகச் சேர்த்துச் சொல்கிறேன். கணவரை இழந்த ஓர் அம்மா. தன் சம்பாத்தியத்தில் வாங்கிய ஒரு காலி மனையும், மாடியில் வாடகைக்கு ஆள் இருக்கும் ஒரு வீடும் அவருக்கு உண்டு. மூத்த மகன் வெளிநாட்டில், இளைய மகன் உள்ளூரில், மகள் பக்கத்து ஊரில். மூன்று வருடங்களுக்கு முன்பு காலி மனையை மூத்தவர் பெயருக்குத் தான செட்டில்மெண்டாக எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் முறைப்படி பதிவும் செய்துவிட்டார். இளையவர் சண்டைக்கு வருவார் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை, மூத்தவரிடம் கூட. அசல் பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

வீட்டை மகளுக்குக் கொடுக்க நினைத்தது பிறகுதான். மார்ச் 12ஆம் தேதி முத்திரைத்தாளில் எழுதிய பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரும் அம்மாவின் தம்பியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அசலையும் தாய்ப்பத்திரத்தையும் அன்றைக்கே மகள் கையில் கொடுத்துவிட்டு, மாடியில் இருப்பவரிடம் "இனி வாடகையைப் பாப்பாவுக்கு அனுப்புங்க" என்றும் சொன்னார். ஏப்ரல் 5ஆம் தேதி வாடகை மகளின் வங்கிக் கணக்குக்கு வந்தது. பதிவுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஏப்ரல் 20ஆம் தேதி அம்மா இறந்துவிட்டார்.

இளைய மகனின் வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கும்: "அண்ணனுக்கு எழுதினது பதிவானது, அதை விட்டுடலாம். தங்கச்சியோடது பதிவே ஆகலை, அது வெறும் காகிதம்." சட்டம் சொல்வது ஏறக்குறைய இதற்கு நேர்மாறு.

1882ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, தானத்தைப் பெறுபவரோ அவர் சார்பில் வேறொருவரோ அதை ஏற்க வேண்டும் என்கிறது. அந்த ஏற்பு, கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே, கொடுக்கும் நிலையில் இருக்கும்போதே நடந்திருக்க வேண்டும். மூத்த மகனுக்கு விஷயமே தெரிந்தது மே மாதம் பீரோவைத் திறந்தபோதுதான். அதற்குப் பிறகு அவர் எத்தனை முறை "ஏற்றுக்கொள்கிறேன்" என்றாலும் காலம் கடந்துவிட்டது. "இன்றே சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன்" என்ற வழக்கமான வரி அந்தப் பத்திரத்தில் இருந்தாலும், அதை எழுதியவர் கொடுத்தவர் மட்டும்தானே. வரி ரசீது கடைசி வரை அம்மா பெயரில், பட்டா அம்மா பெயரில், அசல் அம்மா பீரோவில். வழக்கு என்று போனால் இது நிற்பது கடினம். தானம் விழுந்துவிட்டால் அந்த மனை, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும்.

ஏற்பை நிரூபிக்கப் பெரிதாக ஒன்றும் தேவையில்லை என்பதுதான் இதில் வருத்தமான விஷயம். மகனுக்குத் தெரிந்திருந்து, அவர் மறுக்காமல் இருந்தாலே நீதிமன்றங்கள் ஏற்பை ஊகித்துக்கொள்ளத் தயங்குவதில்லை. "அம்மா, பத்திரம் பார்த்தேன், நன்றி" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி இருந்திருந்தால்கூடக் கதை மாறியிருக்கும்.

இப்போது மகளின் பத்திரம். 123ஆம் பிரிவுப்படி அசையாச் சொத்தின் தானத்துக்குக் கொடுப்பவரின் கையெழுத்து, குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, பதிவு ஆகிய மூன்றும் கட்டாயம். (இஸ்லாமியச் சட்டப்படி செய்யப்படும் ஹிபாவுக்கு 129ஆம் பிரிவு விலக்கு தருகிறது, அது தனிக் கதை.) ஆனால் பதிவும் கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே முடிய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அந்த நிபந்தனை ஏற்புக்கு மட்டும்தான். நம் பக்கத்திலிருந்து போன கல்யாணசுந்தரம் பிள்ளை எதிர் கருப்ப மூப்பனார் வழக்கில், 1920களிலேயே பிரிவி கவுன்சில் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. பத்திரத்தைக் கொடுத்து, அது ஏற்கப்பட்ட பிறகு, பதிவாகவில்லை என்பதைக் காரணம் காட்டிக் கொடுத்தவர் பின்வாங்க முடியாது.

ஆக மகள் செய்ய வேண்டியது, பத்திரத்தைத் தானே கொண்டுபோய்ப் பதிவுக்குத் தாக்கல் செய்வது. பத்திரத்தின்படி உரிமை பெறுபவரும் தாக்கல் செய்யலாம் என்று பதிவுச் சட்டம் அனுமதிக்கிறது. கெடு, எழுதிக் கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதம், அதாவது ஜூலை 12. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னொரு நான்கு மாதம் கிடைக்கும், பதிவுக் கட்டணத்தைப் போல் பத்து மடங்கு வரை அபராதத்தோடு. அதையும் விட்டால் பதிவு இல்லை, பதிவு இல்லையென்றால் தானமும் இல்லை. துக்க வீட்டில் இந்தப் பேச்சை எடுக்கக் கூச்சமாக இருக்கும், எனக்கும் புரிகிறது. ஆனால் காலண்டர் நமக்காகக் காத்திருக்காது.

அம்மா இல்லாததால், கையெழுத்து அவருடையதுதான் என்று வாரிசுகள் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். இளைய மகன் "இது அம்மா கையெழுத்தே இல்லை" என்று மறுத்தால் சார்பதிவாளர் பதிவை மறுத்தாக வேண்டும், அவருக்கு வேறு வழியில்லை. பலர் இந்த இடத்தில் மனம் உடைந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் செய்ய வேண்டியது, மறுப்பு உத்தரவை எழுத்தில் வாங்கி, 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மனுப் போடுவது. அவர் விசாரிப்பார். பக்கத்து வீட்டுக்காரரும் மாமாவும் வந்து, கண்ணால் பார்த்ததைச் சொல்வார்கள். சாட்சிகளை விவரம் தெரிந்தவர்களாக, கூப்பிட்டால் வரக்கூடியவர்களாகப் போட வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதனால்தான். அலுவலகத்தில் ஆள் அடையாளம் காட்டுபவர்கள் வேறு, பத்திரத்தின் சாட்சிகள் வேறு. அங்கேயும் மறுத்தால், அடுத்த 30 நாளுக்குள் சிவில் நீதிமன்றத்தில் பதிவு செய்யக் கோரி வழக்குப் போடலாம். எந்த வழியில் பதிவானாலும் பத்திரம் மார்ச் 12 முதலே அமலுக்கு வரும்.

"சாகும்வரை நான் அதே வீட்டில்தான் இருப்பேன், அப்போ தானம் செல்லாதா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். செல்லும். சுவாதீனத்தை ஒப்படைப்பது கட்டாயமில்லை என்று ரெனிகுண்ட்லா ராஜம்மா வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையை வைத்துக்கொண்டே எழுதலாம். ஆனால் "என் காலத்துக்குப் பிறகுதான் உனக்குச் சொத்து சேரும்" என்று எழுதினால் அது தானமாக நிற்காது, உயில் போலாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி வித்தியாசம்தான், அந்த வரியில் எத்தனையோ வழக்குகள் நடந்திருக்கின்றன.

நான் தயாரிக்கும் பத்திரங்களில் பெறுபவரும் ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடச் சொல்வேன். சட்டம் கேட்கவில்லைதான், இருந்தாலும் மூத்த மகனின் நிலைமை வராது. அவர் வெளிநாட்டில் இருந்தால் ஒரு மின்னஞ்சலாவது வாங்கி வைப்பேன். கொடுப்பவர் படுத்த படுக்கையாக இருந்தால், பதிவு அலுவலருக்கு விண்ணப்பித்துத் தனிக் கட்டணம் கட்டினால் அவர் வீட்டுக்கே வந்து பதிவை முடித்துத் தர முடியும். இந்த வசதி இருப்பதே தெரியாமல் அம்மா எழுந்து நடக்கட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம்.