பிணையில்லாத பிணைமுறி

அரசோ நிறுவனமோ கடன் வாங்கும்போது, வட்டியோடு திருப்பித் தருவதாக எழுதித் தருவது 'பாண்ட்'. நிதிச் செய்தியில் அது வந்தாலே பிணைமுறி, பிணைப்பத்திரம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலச் சொல்லின் வேர் கட்டுதல். வாக்குக் கொடுத்துத் தன்னைக் கட்டிக்கொண்டவர் எழுதித் தந்த சீட்டு அது. முறி என்றாலும் எழுதிக்கொடுத்த சீட்டுதான். அதில் குறையில்லை.

வம்பெல்லாம் பிணையில்தான். வேரைப் பார்த்தவர்கள் தமிழ் வழக்கைப் பார்க்கவில்லை. கடனைப் பற்றிப் பேசும்போது பிணை என்றால், கடனாளி தவறினால் ஈடுகட்ட நிற்கும் ஆள் அல்லது பொருள். பிணைமுறி என்று படிப்பவர், பணத்துக்கு ஏதோ ஈடு இருப்பதாகத்தானே நினைப்பார்? அரசுகள் பொதுவாக எதையும் அடகு வைக்காமல்தான் பாண்ட் வெளியிடுகின்றன. நிறுவனங்களின் பாண்டுகளிலும் ஈடுள்ளவை உண்டு, இல்லாதவையும் உண்டு. அந்த வேறுபாட்டின் அருமை நிறுவனம் நொடிக்கும்போதுதான் தெரியும்.

ஒரு நிறுவனம் மூடப்படுகிறது; சொத்தை விற்றதில் 60 கோடி கிடைக்கிறது. ஈடு பெற்றுக் கடன் கொடுத்தவர்களுக்கு 40 கோடி தரவேண்டும். ஈடில்லாத பாண்ட் வைத்திருப்பவர்களுக்கும் 40 கோடி. விற்பனைச் செலவு, ஊழியர் பாக்கி போன்றவற்றை இங்கே விட்டுவிடுவோம். ஈட்டுச் சொத்தின் விலையே கடனுக்குப் போதுமானதாக இருந்தால் முதல் கூட்டத்தாருக்கு முழுத்தொகையும் வந்துவிடும். அடுத்தவர்களுக்கு மிஞ்சுவது 20 கோடி, அதாவது பாதிப் பணம். 'பிணை' என்ற சொல்லை நம்பியவர் அந்த வரிசையில்தான் நிற்பார். பங்கு வைத்திருப்பவருக்கோ ஒன்றுமில்லை.

பங்குதாரர் கடன் கொடுத்தவர் அல்லர். நிறுவனத்தின் உடைமையாளர்களில் ஒருவர். எல்லாருக்கும் கொடுத்தது போக எஞ்சுவதே அவருக்கு. முதலைத் திருப்பிக் கேட்க அவருக்குத் தவணை நாள் கிடையாது; ஈவுத்தொகை வந்தாலும் வரும், வராமலும் போகும். ஆனால் லாபம் இரட்டித்தால் வளர்ச்சி அவருடையது, வாக்குரிமையும் அவருடையது. 1,000 முகமதிப்புள்ள 8 விழுக்காட்டு பாண்ட் வைத்திருப்பவருக்கு அப்போதும் ஆண்டுக்கு 80தான், தவணை முடிவில் அதே 1,000தான். வட்டி தவறினால் வழக்குத் தொடுக்கலாம்; நிர்வாகத்தில் தலையிட முடியாது.

ஆகவே 'கடன் பத்திரம்' என்பதே சரி. யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று அது மறைக்காமல் சொல்கிறது. நீளம் என்று சலித்துக்கொள்பவர்கள் வெறும் 'பத்திரம்' என்று வெட்டிவிடுகிறார்கள். நிலப் பத்திரமா, முத்திரைத்தாளா என்று வாசகர்தான் ஊகிக்கவேண்டும். இன்னும் சிலர் பங்குகளும் அடங்கிய 'செக்யூரிட்டீஸ்' என்ற பொதுப்பெயருக்கும் 'பிணையங்கள்' என்று எழுதுகிறார்கள். எவருடைய பிணையும் இல்லாத பங்கைப் பிணையம் என்று அழைக்கும் துணிச்சல் மொழிபெயர்ப்பாளருக்கு மட்டுமே வரும்.