கிளை வெட்டு: வெட்டப்படுவது கிளையல்ல

‘கிளை வெட்டு’ என்றதும் மின்கம்பி மேல் சாய்ந்துவிட்ட புளியமரத்தைக் கழிக்கும் வேலைதான் நம் காதுக்கு முதலில் எட்டும். ஆங்கில வழி வகுப்புகளில் ‘பிராஞ்ச் கட்’ என்று சொல்லப்படும் கணிதச் சொல்லைத் தமிழில் அப்படியே பிரித்து எழுதினால் கிடைப்பது இது. சொல் தப்பில்லை, ஆனால் பொருளை மாற்றிக் கொள்ள இடம் தருகிறது. இங்கே யாரும் கிளையை வெட்டுவதில்லை. வெட்டு விழுவது எண்களின் தளத்தில். அந்த வெட்டு விழுந்த பிறகுதான் கிளைகள் என்று தனித்தனியாகச் சுட்ட முடிகிறது.

எந்தச் சிக்கலுக்காக இந்த வெட்டு தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவோம். மடக்கை என்பது அடுக்கைத் தலைகீழாகக் கேட்பது: e-யை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் z வரும்? z நேர்ம மெய்யெண் என்றால் விடை ஒன்றே ஒன்று. குறையெண் என்றால்? 1712-13 வாக்கில் லைப்னிட்ஸும் யோகான் பெர்னூலியும் இதைப் பற்றிக் கடிதம் எழுதிச் சண்டை போட்டார்கள். பெர்னூலியின் வாதம் எளிது: (−1)-ஐ வர்க்கப்படுத்தினால் 1, ஆகவே −1-இன் மடக்கையின் இரு மடங்கு 1-இன் மடக்கை, அதாவது 0. அப்படியானால் −1-இன் மடக்கையும் 0. லைப்னிட்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை, குறையெண்ணுக்கு மெய்யான மடக்கையே கிடையாது என்றார். ஆய்லர் 1740-களின் பிற்பகுதியில் இதைத் தீர்த்துவைத்தார். ஒரே ஒரு மடக்கைதான் இருக்கும் என்று இருவருமே பேசாமல் எடுத்துக்கொண்டதுதான் கோளாறு என்பது அவருடைய தீர்ப்பு. பூச்சியம் தவிர எந்த எண்ணுக்கும் மடக்கைகள் எண்ணற்றவை.

ஏன் எண்ணற்றவை? கலப்பெண்ணை (இலங்கைப் புத்தகங்களில் சிக்கலெண்) இரண்டு அளவுகளால் சொல்லலாம்: பூச்சியத்திலிருந்து அது இருக்கும் தூரம் r, அதாவது மட்டு, அது நிற்கும் கோணம் θ, அதாவது வீச்சு. வீச்சு என்ற இந்தச் சொல்லே கொஞ்சம் பாரம் சுமப்பது. இயற்பியலில் அலையின் உயரத்துக்கும் அதுதான், புள்ளியியலில் பெருமதிப்புக்கும் சிறுமதிப்புக்கும் உள்ள இடைவெளிக்கும் அதுதான். இங்கே அதைக் கோணம் என்று மட்டும் படித்துக்கொள்ளுங்கள். மடக்கை இப்படி வரும்:

```
log z = ln r + iθ
```

மட்டு ஒன்றுதான். கோணம்தான் பிரச்சினை. 90 பாகையும் 450 பாகையும் ஒரே திசை. ஒரு முழுச் சுற்றுக்கு 2π வீதம் எத்தனை முறை கூட்டினாலும் கழித்தாலும் z நகராது, log z மட்டும் 2πi வீதம் மாறிக்கொண்டே போகும். −1-க்கு மடக்கைகள் πi, 3πi, −πi என்று போகின்றன. அவற்றில் 0 இல்லவே இல்லை. பெர்னூலி விழுந்த இடம் இதுதான்.

சரி, ஒரு விடையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போய்விடலாமே என்று தோன்றும். முயன்று பார்ப்போம். 1-இல் நின்று மடக்கை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். அலகு வட்டத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நடங்கள். i-யை அடையும்போது மடக்கை πi/2, −1-இல் πi, −i-யில் 3πi/2. எங்கும் தாவல் இல்லை, சீராக ஏறுகிறது. மீண்டும் 1-க்கு வந்தால் 2πi! அதே புள்ளி, வேறு மதிப்பு. பூச்சியத்தைச் சுற்றாத எந்த வளையத்திலும் இப்படி ஆகாது. பூச்சியத்தைச் சுற்றினால் ஆகும். அதனால் பூச்சியத்துக்குக் கிளைப்புள்ளி என்று பெயர். ரீமான் 1857-இல் எழுதிய ஆபெல் சார்புகள் பற்றிய கட்டுரையில், ஒரே பகுதிக்கு மேல் ஒரு சார்பு எடுத்துக்கொள்ளும் வெவ்வேறு தொடர்ச்சிகளைக் கிளைகள் என்றும், எந்த இடத்தைச் சுற்றினால் ஒரு கிளை இன்னொன்றாக மாறுகிறதோ அதைக் கிளைக்கும் இடம் என்றும் ஜெர்மனில் அழைத்தார். நாம் சொல்லும் கிளைக்கும் பொருள் அதேதான்.

ஒரு புள்ளிக்கு ஒரு மதிப்புத்தான் வேண்டும், அதுவும் சீராக மாற வேண்டும் என்றால் பூச்சியத்தைச் சுற்றிவர யாரையும் விடக்கூடாது. பூச்சியத்தில் தொடங்கி முடிவிலி வரை ஒரு கோட்டைப் போட்டு, இதைத் தாண்டாதே என்று சொல்லிவிட வேண்டியதுதான். அந்தக் கோடுதான் கிளை வெட்டு. பசிபிக்கில் வரைந்திருக்கும் பன்னாட்டுத் தேதிக் கோடு இதற்கு நல்ல உறவுக்காரன். பூமியைச் சுற்றினால் எங்காவது ஒரு நாள் கூடியோ குறைந்தோ ஆக வேண்டும். அது நம் கையில் இல்லை. எந்த இடத்தில் என்பது நம் வசதி. சமோவா 2011-இல் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியபோது டிசம்பர் 30 என்ற நாளே அங்கு வரவில்லை. மடக்கையிலும் 2πi என்ற தாவல் கட்டாயம். அது நிகழும் இடம் ஒப்பந்தம். வெட்டு நேர்க்கோடாகக்கூட இருக்க வேண்டியதில்லை. சுருளாகப் போட்டாலும் செல்லும்.

வழக்கமான ஒப்பந்தம் வெட்டைக் குறை மெய்யச்சில் போடுகிறது. அப்போது கோணம் −π-க்கு மேல், π வரை. π சேர்த்தி, −π சேர்க்கப்படாது. அந்தக் கோணம் முதன்மை வீச்சு, அதிலிருந்து வரும் மடக்கை முதன்மை மதிப்பு. பெரிய எழுத்தில் Log என்று எழுதினால் பெரும்பாலும் இதுதான். ஒரு எச்சரிக்கை: தொகையீட்டில் கோஷியின் பெயரோடு வரும் முதன்மை மதிப்பு வேறு சங்கதி. பெயர்தான் ஒன்று.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘வெட்டுக்கோடு’ என்று சுருக்கலாம் என்றால், வட்டத்தை இரு புள்ளிகளில் வெட்டும் கோட்டுக்கு வடிவியலில் அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. ‘கிளை பிரிக்கும் வெட்டு’ தெளிவாக இருக்கிறது, ஆனால் நீளம். என் ஓட்டு ‘கிளை வெட்டு’க்கே; முதன்முறை வரும் இடத்தில் மட்டும் நீளமாக விரித்துச் சொல்லிவிட்டால் போதும். கிளைப்புள்ளி, முதன்மை மதிப்பு இரண்டிலும் சண்டைக்கு இடமில்லை.

அடுக்குக்குப் போனால் இந்த ஒப்பந்தத்தின் விலை தெரியும். z-ஐ a என்ற அடுக்குக்கு உயர்த்துவது என்றால், log z-ஐ a-ஆல் பெருக்கி e-யின் அடுக்காக்குவது என்று பொருள். log z-இல் 2πi கூடினால் விடை e^(2πia) மடங்காகும். a முழு எண் என்றால் அது வெறும் 1, வெட்டே தேவையில்லை. a அரை என்றால் −1. வர்க்கமூலம் குறி மாறுகிறது. a மூன்றில் ஒன்று என்றால் மூன்று விடைகள் சுழலும். விகிதமுறா எண்ணோ கற்பனை எண்ணோ என்றால் முடிவே இல்லை. i-யின் i ஆம் அடுக்கு இதில் பேர்போனது. i-யின் முதன்மை மடக்கை πi/2. அதை i-ஆல் பெருக்கினால் −π/2. ஆகவே விடை e^(−π/2), ஏறத்தாழ 0.2079. முழுக்க மெய்யெண்! ஆய்லர் இதை 1746-இல் கோல்ட்பாக்குக்கு எழுதினார். கிளையை ஒன்று மாற்றினால் அதே i-யின் i ஆம் அடுக்கு 111.3 ஆகிறது, மறுபக்கம் மாற்றினால் 0.00039.

நிரல் எழுதுகிறவர்கள் இதைச் சந்திக்கும் இடம் பெரும்பாலும் கனமூலம். −8-இன் கனமூலம் −2 என்று பள்ளியில் படித்தோம். பைத்தான் அப்படிச் சொல்வதில்லை.

```
>>> (-8) ** (1/3)
(1.0000000000000002+1.7320508075688772j)
>>> import cmath
>>> cmath.log(complex(-1, 0.0))
3.141592653589793j
>>> cmath.log(complex(-1, -0.0))
-3.141592653589793j
```

முதல் விடை பிழையல்ல. −8-இன் முதன்மை வீச்சு π, மூன்றில் ஒரு பங்கு 60 பாகை, மட்டு 2. மூன்று கனமூலங்களில் முதன்மைக் கிளை தருவது இதைத்தான், −2 வேறொரு கிளையில் இருக்கிறது. கடைசி இரண்டு வரிகள் இன்னும் சுவாரசியமானவை. கணினியின் மிதவைப்புள்ளி எண்களில் பூச்சியத்துக்கும் குறி உண்டு. வெட்டின் மேல் சரியாக நிற்கும்போது, மேலிருந்து வந்தோமா கீழிருந்து வந்தோமா என்பதை அந்தக் குறி நினைவில் வைத்திருக்கிறது. வில்லியம் கேகன் 1987-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை வற்புறுத்தினார்; சி மொழியின் 1999 தரத்திலும் இந்த நடத்தை இருக்கிறது.

கூடவே உடைவது பள்ளி விதிகள். −1+i-யை எடுத்துக்கொள்ளுங்கள், வீச்சு 3π/4. தன்னோடு தானே பெருக்கினால் −2i, முதன்மை வீச்சு −π/2. ஆனால் வீச்சுகளைக் கூட்டினால் 3π/2, எல்லைக்கு வெளியே. பெருக்கலின் மடக்கை மடக்கைகளின் கூட்டல் என்ற விதி இங்கே 2πi அளவு தவறுகிறது. மூன்றில் ஒன்று போன்ற அடுக்குகளைப் பெருக்கிச் சேர்க்கும்போதும் இதே பிசகு தொற்றிக்கொள்ளும்.

உண்மையில் வலிப்பது சூத்திரத்தைச் சுருக்கும்போதுதான். z²−1-இன் வர்க்கமூலத்தைப் பாருங்கள். கிளைப்புள்ளிகள் 1, −1 இரண்டு. இரண்டையும் சேர்த்துச் சுற்றினால் இரண்டு குறிமாற்றங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால் −1 முதல் 1 வரை ஒரு சின்ன வெட்டே போதும். ஆனால் கணினியில் sqrt(z*z-1) என்று எழுதினால் z*z-1 குறை மெய்யெண்ணாகும் இடமெல்லாம் வெட்டாகிறது. அந்தச் சின்னத் துண்டோடு கற்பனை அச்சு முழுவதும் அதில் சேர்ந்துகொள்ளும். 2i-க்கு வலப்பக்கம் ஒட்டி நின்றால் விடை ஏறக்குறைய 2.236i, இடப்பக்கம் −2.236i. sqrt(z-1)*sqrt(z+1) என்று பிரித்து எழுதினால் கற்பனை அச்சில் தாவல் இல்லை. வெட்டு −1-க்கும் 1-க்கும் இடையில் மட்டும். z = −2 என்று போட்டுப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்: முதல் வடிவம் 1.732, இரண்டாவது −1.732. z பெரிதாகும்போது இரண்டாவது வடிவம் எல்லாத் திசையிலும் z-ஐப் பின்தொடர்கிறது, முதலாவது இடப்பாதியில் −z-ஐ.

எதிர்பாராத இடத்தில் வரைபடம் திடீரென்று தாவினால், தாவலின் அளவைப் பாருங்கள். மடக்கையில் தாவல் சரியாக 2πi-யின் முழு எண் மடங்கு, வர்க்கமூலத்தில் குறிமாற்றம் மட்டும், a ஆம் அடுக்கில் இரு பக்க மதிப்புகளின் விகிதம் e^(2πia) அல்லது அதன் தலைகீழ் என்றால், அனேகமாகக் கணக்கு சரி, வெட்டுதான் இடம் தவறி விழுந்திருக்கிறது. விகிதம் வேறு ஏதோ ஓர் எண் என்றால் பிழையை வேறு பக்கம் தேடுங்கள்.