துருவம், சுழி: போல், ஜீரோ என்ற கட்டுப்பாட்டியல் சொற்கள்

ஓர் அமைப்பின் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் உள்ள உறவை s என்னும் மாறியில் ஒரு பின்னமாக எழுதினால் கிடைப்பது பரிமாற்றச் சார்பு. போல் என்பது அதன் பகுதியைப் பூச்சியமாக்கும் s மதிப்பு. தொகுதியைப் பூச்சியமாக்குவது ஜீரோ. வரைபடத்தில் முதலாவதை ×, இரண்டாவதை ○ என்று குறிப்பது வழக்கம்.

போல் என்பது அச்சு, சுழல்மையம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லான போலோஸிலிருந்து வந்தது. கம்பத்தைக் குறிக்கும் ஆங்கிலப் போல் வேறு சொல்; அது லத்தீனின் பாலுஸிலிருந்து பிறந்தது. எனவே இங்கே 'கம்பம்' பொருந்தாது. 'முனை' என்றால் மின்முனையோடு குழம்பும். துருவம் என்பதே சரி. ஜீரோவுக்குச் சுழி போதும்.

p என்ற துருவத்தின் மெய்ப்பகுதி எதிர்மமாக இருந்தால் வெளியீட்டில் அதற்குரிய e^(pt) உறுப்பு தேய்ந்து மறையும்; நேர்மமாக இருந்தால் வளர்ந்துகொண்டே போகும். ஆகவே எல்லாத் துருவங்களும் கலப்பெண் தளத்தின் இடப்பாதியில் இருந்தால்தான் அமைப்பு நிலைப்புள்ளது. அப்படியானால் சுழிக்கு இதில் பங்கே இல்லையா? பின்னூட்டம் சேரும்வரைதான் இல்லை.

G(s) = (1−s)/((s+1)(s+2)) என்ற அமைப்பைப் பார்ப்போம். துருவங்கள் −1, −2; இரண்டும் இடப்புறம். சுழி மட்டும் +1-இல், வலப்புறம். இதற்கு ஓர் அலகுப் படி உள்ளீடு கொடுத்தால் வெளியீடு

```
y(t) = 0.5 − 2e^(−t) + 1.5e^(−2t)
```

கடைசியில் 0.5-இல் நிற்க வேண்டிய வெளியீடு, முதலில் எதிர்த்திசையில் இறங்குகிறது. சுமார் 0.4 வினாடியில் −0.17 வரை போய், 1.1 வினாடியில்தான் பூச்சியத்தைத் தாண்டி மேலேறுகிறது. கொதிகலன் டிரம்மில் இதை நேரிலேயே பார்க்கலாம்: குளிர்ந்த ஊட்டநீரைக் கூட்டியதும் நீராவிக் குமிழிகள் சுருங்குவதால், நீர்மட்டம் உயர்வதற்கு முன் சற்றுத் தாழும்.

இப்போது K மடங்கு பெருக்கத்துடன் எதிர்ப் பின்னூட்டம் கொடுப்போம். மூடிய சுற்றின் பகுதி 1 + KG = 0 என்பதிலிருந்து வரும்:

```
s² + (3−K)s + (2+K) = 0
```

தொகுதி இங்கே பகுதிக்குள் புகுந்துவிட்டதைக் கவனியுங்கள். K = 3 ஆனால் துருவங்கள் ±j√5; வெளியீடு சுமார் 2.8 வினாடிக்கு ஒருமுறை ஓயாமல் அலையும். K = 4 ஆனால் மெய்ப்பகுதி +0.5; அலைவு பெருகும். தொகுதி s+3 ஆக இருந்திருந்தால் பகுதி s² + (3+K)s + (2+3K). நேர்ம K எதுவானாலும் நிலைப்புத்தன்மை கெடாது. K கூடக்கூட மூடிய சுற்றின் துருவங்களில் சுழிக்கு ஒன்று வீதம் சுழிகளை நோக்கி நகரும்; மிஞ்சியவை முடிவிலியை நோக்கிப் போகும். சுழி வலப்புறம் இருந்தால் அதை நோக்கி நகரும் துருவமும் அங்கேதான் போகும். இந்த நகர்வுப் பாதையை வரையும் முறையை 1948-இல் வெளியிட்டவர் வால்டர் எவன்ஸ்.

கட்டுப்படுத்தியில் 1/(1−s) சேர்த்துச் சுழியை அடித்துவிடலாம் என்று தோன்றும். தாளில் அடிபடும், வெளியீடும் ஒழுங்காகவே தெரியும். ஆனால் வால்வுக்குப் போகும் சமிக்ஞையில் e^t உறுப்பு மறைந்திருந்து, வால்வு எல்லையை முட்டும்வரை வளரும். அதனால் சிமுலேஷனில் வெளியீட்டோடு கட்டுப்படுத்தியின் சமிக்ஞையையும் வரைந்து பார்க்க வேண்டும்.