போர்ட்டிலை "வாய்க்கால்" எண்டு எழுதினா என்ன விளங்கும்?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்பு, காலபோகத்துக்கு முன்னம் செய்யவேண்டிய வேலையளை வெள்ளைப் போர்ட்டிலை சின்னச் சின்ன ஒட்டுத்தாளிலை எழுதி ஒட்டியிருக்கினம் எண்டு வைப்பம். செய்யோணும், நடக்குது, முடிஞ்சுது எண்டு மூண்டு கட்டம். நடுக் கட்டத்திலை ஒரு தாள், அதிலை "வாய்க்கால்" எண்டு மட்டும் கிடக்கு. தலைவர் அதைப் பாத்து புல்லு வெட்டுறது எண்டு நினைக்கிறார், பொருளாளர் ஜேசிபிக்கு காசு சேக்கிறது எண்டு நினைக்கிறார், இளம் பெடியன் ஒருத்தன் உடைஞ்ச கதவைத் திருத்துறது எண்டு நினைக்கிறான். மூண்டு பேரும் ஓமெண்டு தலையாட்டிப்போட்டு போகினம், தாள் மட்டும் மழை துடங்குமட்டும் நடுவிலையே நிக்கும்.

இதுக்குக் கண்ணும் ஒரு காரணம். எங்கடை கண்ணிலை எழுத்தைத் தெளிவாப் பாக்கிற இடம் மிச்சம் சின்னது, கிட்டத்தட்ட 2 பாகை, அதாவது கையை நீட்டிப்பிடிச்சா பெருவிரல் அகலம். 2 மீற்றர் தள்ளி நிண்டு பாத்தா அது போர்ட்டிலை ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர், சாதாரண ஒட்டுத்தாளும் அந்தளவுதான். கண் ஒரு இடத்திலை கால் செக்கன் அளவு நிண்டுபோட்டு அடுத்ததுக்குத் தாவும். தாள் ஒவ்வொண்டுக்கும் ஒரு தாவல் போதுமெண்டா 20 தாளை அஞ்சாறு செக்கனிலை பாத்து முடிக்கலாம், ஆனா தாளைப் பாத்தும் விளங்காட்டி கண் அங்கை நிண்டிடும், இல்லாட்டி தாண்டிப் போயிடும், பெரும்பாலும் தாண்டித்தான் போகும்.

அப்ப என்ன எழுதுறது? ஒரு வினைச்சொல், அதோடை வேலை முடிஞ்சா கண்ணுக்குத் தெரியிற ஒரு விஷயம். "வாய்க்கால்" எண்டதை மூண்டா உடைப்பம்:

"2ஆம் வாய்க்கால் கடைசி வயல்மட்டும் புல்லு வெட்டு"
"2ஆம் வாய்க்கால் கதவை முழுசா மூடுற மாதிரித் திருத்து"
"ஜேசிபிக்கு எல்லாரிட்டையும் காசு வாங்கு"

இப்ப கூட்டத்துக்கு வராத ஒருத்தர் கூட வாய்க்கால் கடைசியிலை போய் நிண்டு பாத்துப்போட்டு தாளை "முடிஞ்சுது" பக்கம் நகத்தலாம். இதுதான் நான் பாக்கிற சோதனை. "பார்", "கவனி", "கதை" எண்டு முடியிற தாளுகள் இதிலை தவறும், ஏனெண்டா கவனிக்கிறதுக்கு முடிவே இல்லை. "ட்ரக்டர்காரரோடை கதை" எண்டதை "ட்ரக்டர் வாற திகதியை உறுதிப்படுத்து" எண்டு மாத்தினா, திகதி கையிலை வந்த உடனை வேலை முடிஞ்சுது.

தமிழிலை ஒரு சிக்கல் இருக்கு, ஆங்கிலத்திலை எழுதின அறிவுரையளிலை இது வராது. அவை வினைச்சொல்லை முதல்லை போடு எண்டு சொல்லுவினம். எங்களுக்கு வினை கடைசியிலைதான் வரும், "வெட்டு வாய்க்கால் புல்லை" எண்டு ஆரும் எழுதேலாது. தாள் எண்டா பரவாயில்லை, ஆனா இதே வேலையளைப் போன் ஆப்பிலை போட்டு, நீளமான தலைப்பின்ரை வால் வெட்டுப்பட்டா வினைதான் போயிடும், மிச்சம் நிக்கிறது பழையபடி "2ஆம் வாய்க்கால் கடைசி…" மட்டும்தான். அதாலை தமிழ்த் தலைப்பு கட்டையா இருக்கோணும், ஆர், எப்ப, எவ்வளவு காசு எண்டதெல்லாம் கீழை விளக்கத்துக்குள்ளை போகட்டும். பொருளை முதல்லை வைக்கிறதிலை லாபமும் இருக்கு: 2ஆம் வாய்க்கால் தாளுகள் எல்லாம் ஒரே மாதிரித் துடங்குறதாலை தேடக் கஷ்டமில்லை.

இன்னொண்டு, "புல்லை வெட்டிப்போட்டு கதவைத் திருத்து" மாதிரி "போட்டு" எண்டு வந்தா அங்கை அநேகமா ரெண்டு வேலை ஒளிஞ்சிருக்கு. பாதி முடிஞ்சா அந்தத் தாளை எந்தக் கட்டத்திலை வைக்கிறது? "ஜேசிபி பிடிச்சு மண்ணை எடு" எண்டா அப்பிடி இல்லை, அது எப்பிடிச் செய்யிறது எண்டதைத்தான் சொல்லுது, உடைக்கத் தேவையில்லை. செய்ய வேண்டிய கட்டத்திலை "கதவு திருத்தியாச்சு" எண்டு எழுதுறவையும் இருக்கினம், முடிவை எழுதுறம் எண்ட எண்ணத்திலை. தூரத்திலை இருந்து பாக்கிறவன் அதை முடிஞ்ச வேலை எண்டுதான் வாசிப்பான்.

எல்லாத்துக்கும் முடிவை இப்பிடி எழுதேலாது. இரணைமடுக் குளத்துத் தண்ணியை எப்ப திறக்கிறது எண்டது அமைப்பின்ரை கையிலை மட்டும் இல்லை, அதாலை "தண்ணி திறக்கப்பண்ணு" எண்டு எழுதினா அந்தத் தாள் ஒருநாளும் நகராது. "தண்ணி கேட்டு நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு கடிதம் குடு" எண்டு எழுதலாம், அது எங்கடை கையிலை இருக்கு. அதே மாதிரி தண்ணி இறைக்கிற மோட்டர் இடைக்கிடை நிக்குது, காரணம் தெரியாது எண்டா "மோட்டரைத் திருத்து" எண்டு எழுதுறது அவசரம். "மோட்டர் ஏன் நிக்குது எண்டு கண்டுபிடி" எண்டு ஒட்டுங்கோ, வயர் பிழையோ பம்பு பிழையோ எண்டு தெரிஞ்ச உடனை அந்தத் தாளை முடிச்சுப்போட்டு, என்ன திருத்தோணும் எண்டதைப் புதுத் தாளிலை எழுதலாம்.