கடையை "எடுத்தபடியே" ஒப்படைப்பது என்றால் என்ன?

இந்த மாதத்தில் மட்டும் கடை வாடகைத் தகராறோடு என்னிடம் வந்த மூன்றாவது ஆள். மூன்று பேர் கையிலும் அதே மாதிரி 20 ரூபாய் பத்திரம், அதே பதினொரு மாத அக்ரிமெண்ட், அதே கடைசி வரி: "வாடகைதாரர் கடையை எடுத்தபடியே நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டியது." மூன்று பேரும் அந்த வரியைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டவர்கள். அது எல்லாப் பத்திரத்திலும் இருக்கிற சடங்கு வரி என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு பிரதி எடுத்து, பெயரை மாற்றி, டைப் அடித்துக் கொடுத்தவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். நான் காரைக்குடியில் வழக்கறிஞர். அட்வான்ஸ் தகராறு என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தகராறு இந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறது.

மூன்றாவதாக வந்தவர் பலகாரக் கடை நடத்தியவர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் முகப்பை ஒட்டிய இரண்டு அறைகள். வாடகை 18,000, அட்வான்ஸ் 1,80,000. வீடு மூன்று பங்காளிகளுக்குப் பொது. ஊரில் இருந்த மூத்தவர் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தார். மற்ற இருவரில் ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். தரையில் பழைய ஆத்தங்குடிக் கல், சுவரில் பளபளவென்று சுண்ணாம்புப் பூச்சு. எண்ணெய்ச் சட்டி வைக்கிற இடத்துக்கு இது சரிவராது என்று இவர் தரைமேல் சிமெண்ட் கலவை போட்டு வெள்ளை டைல்ஸ் ஒட்டினார். சுவரில் போல்ட் அடித்து இரும்புத் தட்டுகள் மாட்டினார். புகை வெளியேற சுவரைத் துளைத்து எக்ஸாஸ்ட் வைத்தார், த்ரீ ஃபேஸ் வயர் இழுத்தார். மொத்தம் ஆறு லட்சம். "அண்ணே, இப்படிச் செய்யப்போறேன்" என்று மூத்தவரிடம் சொன்னாராம். "செய்யுங்கம்மா, உங்க கடை மாதிரி நினைச்சுக்கங்க" என்றாராம் அவர். அவ்வளவுதான் அனுமதி.

பதினொரு மாதம் முடிந்தது, அதே வாடகைக்கு இன்னொரு பதினொரு மாதம் எழுதினார்கள். அதுவும் முடிந்த இருபத்திரண்டாம் மாதத்தில் வாடகையை 27,000 ஆக்கச் சொன்னார்கள். இவர் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். அதில் "மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீதம் வாடகை உயர்வு" என்று தெளிவாக இருக்கிறது. 15 சதவீதம் என்றால் 20,700 தானே, அதுவும் இன்னும் மூன்று வருடம் ஆகவில்லையே, எப்படி 27,000 கேட்கலாம் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் பதினொரு மாதத்தில் செத்துப்போகிற பத்திரத்துக்குள் மூன்று வருட உயர்வு எழுதியிருக்கிறதே, அதை யார் எப்போது செயல்படுத்துவது? காலம் முடிந்ததும் அந்த வரியும் முடிந்துவிடுகிறது. புதிய காலத்துக்குப் புதிய வாடகை பேசலாம் என்ற நிலை வந்துவிடுகிறது. ஆறு லட்சத்தைச் சுவரிலும் தரையிலும் ஒட்டி வைத்திருக்கிற ஆளிடம் பேசுவதற்கு என்ன வலு இருக்கும்?

பதினொரு மாதம் எழுதுவதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒரு வருடத்தைத் தாண்டினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், அதற்கான கட்டணம் கட்ட வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைக்கிறார்கள். கடைக்குள் பணம் போடப்போகிறவர் அந்தப் பணம் திரும்பி வருகிற காலத்துக்காவது குத்தகை எழுதிப் பதிவு செய்யுங்கள். ஐந்து வருடம் எழுதிப் பதிவு செய்துவிட்டால் அப்போது உயர்வு வரிக்கு உயிர் இருக்கிறது. அதிலும் ஒன்று கவனியுங்கள்: "ஆண்டுக்கு 5 சதவீதம்" என்றால் எதன்மேல்? முதல் வாடகையின்மேல் என்றால் ஒவ்வொரு வருடமும் 900 ரூபாய்தான் ஏறும், ஐந்தாம் வருடம் 21,600. கடைசியாகக் கொடுத்த வாடகையின்மேல் என்றால் 21,879. வருடம் கூடக்கூட இந்த இடைவெளி பெரிதாகும். அதனால் சதவீதம் எழுதாமல் எந்த வருடம் எத்தனை ரூபாய் என்று தொகையாகவே எழுதச் சொல்வேன். யாரும் கணக்குப் போட்டுச் சண்டை போட வேண்டியதில்லை.

(பக்கத்துப் பேச்சாக ஒன்று. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நகரப் பகுதிகளில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும் என்று அது சொல்கிறது. பதினொரு மாத ஒப்பந்தத்துக்கும் இது உண்டு. இது சார்பதிவாளர் பதிவிலிருந்து வேறு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதும் முடிந்தது என்று நினைக்காதீர்கள்.)

27,000 கட்டாது என்று இவர் காலி செய்ய முடிவெடுத்தார். அட்வான்ஸைக் கேட்டார். வந்தது வக்கீல் நோட்டீஸ், மூன்று பங்காளிகளின் பெயரிலும். தரையைச் சீர்செய்ய 90,000, சுவருக்கு 60,000, ஓட்டைக்கும் வயருக்கும் 15,000, வேலை நடக்கும் இரண்டு மாதத்துக்கு வாடகை 36,000. ஆக 2,01,000. அட்வான்ஸ் போக இவர்தான் இன்னும் 21,000 தர வேண்டும் என்று முடிந்திருந்தது.

"சார், நான் கடையை நல்லாத்தானே ஆக்கியிருக்கேன்? பழைய தரையை விட டைல்ஸ் நல்லாத்தானே இருக்கு?" என்று அழாத குறையாகக் கேட்டார். இங்கேதான் நான் எல்லோரிடமும் மன்றாடுகிறேன். "எடுத்தபடியே" என்றால் நன்றாக ஆக்கித் தருவது அல்ல. எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படி. நீங்கள் செய்தது மேம்பாடு என்று நீங்கள் நினைப்பதால் கட்டடக்காரருக்கு அது மேம்பாடு ஆகிவிடாது. பழைய தரை வேண்டும் என்று கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் செலவழித்த ஆறு லட்சத்தைத் தர வேண்டும் என்று அவரைக் கேட்க, பத்திரத்தில் எழுதாதவரை, உங்களுக்கு வழியில்லை. புது வாடகைதாரர் உங்கள் டைல்ஸைப் பார்த்துத்தான் கடையை எடுத்தார் என்றாலும் வழியில்லை. நல்லது செய்தேன், அதனால் கணக்கில் சேரும் என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள்.

கட்டடக்காரர்களுக்கும் ஒரு தவறான நினைப்பு உண்டு. "எடுத்தபடியே" என்றால் புதிதாக்கித் தருவது என்று நினைக்கிறார்கள். அதுவும் இல்லை. சொத்து மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவில், சாதாரணப் புழக்கத்தால் வரும் தேய்மானத்தை விலக்கித்தான் வாடகைதாரரின் கடமையைச் சொல்கிறது. இரண்டு வருடத்தில் பெயிண்ட் மங்குவது தேய்மானம். போல்ட் அடித்ததில் பூச்சு தகடு தகடாகப் பெயர்ந்தால் அது தேய்மானம் இல்லை.

நம் ஊரில் இந்த வித்தியாசம் இன்னும் கடுமையாக வலிக்கும். சிமெண்ட் சுவரில் போட்ட ஓட்டையை இருநூறு ரூபாயில் அடைத்துவிடலாம். சுண்ணாம்புப் பூச்சில் சிமெண்ட் வைத்து அடைத்தால் ஒட்டு தனியாகத் தெரியும், நாளடைவில் ஓரத்தில் விரிசல் விடும். அந்தப் பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்து, பல நாள் கூலி கொடுத்துச் செய்ய வேண்டும். ஆத்தங்குடிக் கல்லின்மேல் கலவை போட்டு ஒட்டிய டைல்ஸைப் பெயர்த்தால் அடியில் இருக்கிற கல்லின் பூவும் சேர்ந்து போகும். இவருடைய கடையில் அதுதான் நடந்தது. அதே பழைய பூவில் கல் கேட்டால் தனியாக வார்க்கச் சொல்ல வேண்டும், பழைய கல்லின் நிறம் அப்போதும் வராது. தரை சரிவரவில்லை என்றால் மேலே ஒட்டாத விரிப்போ, பலகை மேடையோ போடுங்கள். தட்டுகளைச் சுவரில் தொங்கவிடாமல் தரையில் நிற்கிற மாதிரி செய்யுங்கள்.

அடுத்து அனுமதி. வாயால் சொன்ன "செய்யுங்கம்மா"வை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம். நிரூபித்தாலும் அது ஒரு பங்காளியின் சொல். எத்தனை பங்கு இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து, எல்லோரிடமும் கையெழுத்தோ, கையெழுத்துப் போடுகிறவருக்கு மற்றவர்கள் கொடுத்த அதிகாரப் பத்திரத்தின் நகலோ வாங்குங்கள். எந்த வேலை, எந்தச் சுவரில், போகும்போது எது என்னுடையது, எது கட்டடத்தோடு நிற்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதி அதிலும் கையெழுத்து வாங்குங்கள். கூச்சப்படாதீர்கள்.

நோட்டீஸில் இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது: உள்வாடகை. இவர் கடையின் ஒரு மூலையைக் கண்டாங்கிச் சேலை விற்கிற ஒரு பெண்ணுக்கு மாதம் 5,000 ரூபாய்க்குக் கொடுத்திருந்தார். "ஒரு மேசைதானே சார்" என்றார். மேசையின் அளவு பிரச்சினை இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தனிச் சாவி இருந்தது, தனிப் பெயர்ப் பலகை இருந்தது, பூட்டுப் போட்ட அலமாரி இருந்தது. இடத்தின் ஒரு பகுதி முழுசாக அவர் கையில், அதற்குப் பணமும் வாங்கியாகிவிட்டது என்றால் அது உள்வாடகைதான். சாவி உங்களிடமே இருந்து, உங்கள் கடை திறக்கும் நேரத்தில் உங்கள் பார்வையில் ஒருவர் பொருள் வைத்து விற்றால் அது வேறு. அதையும் எழுத்துச் சம்மதத்தோடு செய்யுங்கள், ஏனென்றால் உள்வாடகை மட்டுமே காலி செய்யச் சொல்லப் போதுமான காரணம். கூட்டாளி சேர்த்தேன் என்று காகிதத்தில் மட்டும் காட்டுவதும் எடுபடாது. நீங்கள் கடையில் இல்லை, கணக்கும் உங்களிடம் இல்லை என்றால் அந்தக் கூட்டு நிற்காது.

கடைசியில் இவரைக் கொஞ்சமாவது காப்பாற்றியது ஒரு படம். கடை எடுத்த அன்று காலியான அறையில் பூஜை போட்டபோது அவர் மகன் எடுத்தது. விளக்குக்குப் பின்னால் நிலைப்படியை ஒட்டி இரண்டு வரிசைக் கல் அப்போதே விரிசல் விட்டிருந்தது, ஒரு சுவரில் பூச்சு உப்பியிருந்தது. அதை வைத்துப் பேசியதில் தரைக்கு 20,000, சுவருக்கு 45,000, ஓட்டைக்கும் வயருக்கும் 15,000 என்று இறங்கினார்கள், இரண்டு மாத வாடகையையும் விட்டுவிட்டார்கள். 1,00,000 திரும்பி வந்தது. அந்தப் படம் இல்லாவிட்டால் அதுவும் வந்திருக்காது.

பூஜைப் படத்தை நம்பியிருக்காதீர்கள். சாவி வாங்குகிற அன்றே ஒவ்வொரு சுவரையும் தரையையும் கூரையையும் மீட்டரையும் படம் எடுங்கள், இருக்கிற பழுதுகளை ஒரு பட்டியலாக எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு அக்ரிமெண்டோடு சேருங்கள். ஒரு மணி நேர வேலை. காலி செய்யும்போது, உங்களுடையதைக் கழற்றுவதெல்லாம் சாவி உங்கள் கையில் இருக்கும்போதே நடக்க வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டு ஏசியை அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றால் அந்த உரிமை போய்விடும், சட்டமே அப்படித்தான் இருக்கிறது. பிறகு அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எதற்கு எவ்வளவு பிடித்தம், மீதி என்றைக்கு என்று தேதியோடு எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு சாவியைக் கொடுங்கள்.