ஒயர்லெஸ் கன்ட்ரோலரின் பேட்டரி விளையாடாத நேரத்திலும் தேய்வது ஏன்?

பிளேஸ்டேஷன் 5 உடன் வரும் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரில் 1560 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒற்றை லித்தியம் அயனி பேட்டரி இருக்கிறது. புதிதில் எட்டு மணி நேரம் தாங்கிய அது, சில ஆண்டுகளில் நான்கைந்து மணி நேரத்திலேயே சார்ஜ் கேட்கத் தொடங்கினால், அதிகம் விளையாடியதுதான் காரணம் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது.

வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் ஒருவர் விளையாடுவதாகக் கொள்வோம். எட்டு மணி நேரத்தில் 1560 தீர்ந்தால் சராசரி மின்னோட்டம் 195 மில்லிஆம்பியர். வாரத்தின் ஒன்பது மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1755 மில்லிஆம்பியர்-மணி, அதாவது முழுதாக நிரப்பித் தீர்க்கும் ஒரு சுற்றைவிடச் சற்றே அதிகம் செலவாகும். ஆண்டுக்கு 58 சுற்றுகள். இவ்வகைப் பேட்டரிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 300 முதல் 500 சுற்றுகள் வரையிலான ஆயுளை எட்ட அவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்கு முன்பே கொள்ளளவு கணிசமாகக் குறைந்திருந்தால், அந்த இழப்பின் பெரும்பகுதி கன்ட்ரோலர் சும்மா கிடந்த நேரத்தில்தான் நடந்திருக்க வேண்டும்.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்மின்முனையிலிருந்து மின்பகுளி வழியாகக் கிராஃபைட் முனைக்குச் சென்று அதன் அடுக்குகளுக்குள் புகுந்துகொள்கின்றன. கிராஃபைட்டின் மேற்பரப்பில் மின்பகுளி சிதைந்து உருவான மெல்லிய படலம் ஒன்று உண்டு. அது இல்லாமல் பேட்டரி இயங்காது, ஆனால் அது தடிக்கத் தடிக்க, பயன்படக்கூடிய லித்தியம் அதில் சிக்கி நிரந்தரமாக இழக்கப்படுகிறது. பேட்டரி 4.2 வோல்ட்டில், அதாவது முழுதாக நிரம்பிய நிலையில் இருக்கும்போது இந்தச் சிதைவு வேகமாக நடக்கிறது. வெப்பம் அதை இன்னும் விரைவுபடுத்துகிறது. பரவலாக எடுத்துக்காட்டப்படும் ஓர் அளவீட்டின்படி, 40 டிகிரி செல்சியஸில் முழுதாக நிரப்பி ஓராண்டு வைக்கப்பட்ட பேட்டரி தன் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. அதே வெப்பநிலையில் 40 விழுக்காடு சார்ஜில் வைத்தால் இழப்பு 15 விழுக்காடு அளவில் நின்றுவிடுகிறது.

ஆகவே, விளையாடி முடித்தவுடன் சார்ஜ் தாங்கியில் செருகி, அடுத்த முறை எடுக்கும் வரை அங்கேயே விட்டுவைப்பதுதான் சரியான பராமரிப்பு என்று தோன்றினாலும், அதுவே பேட்டரிக்கு மிகவும் பாதகமான பழக்கம். நிரம்பியதும் சார்ஜ் தானாக நின்றுவிடுவதால் மிகைச் சார்ஜ் பற்றிக் கவலையில்லை. நிரம்பியே கிடப்பதுதான் சிக்கல். விளையாட்டின்போது PS பொத்தானை அழுத்தினால் பேட்டரிக் குறியில் மூன்று கட்டங்கள் தெரியும். ஒரு கட்டம் மிஞ்சும்போது செருகி, ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் எடுத்துவிட்டால் போதுமானது. இதை நினைவில் வைக்க இயலாதவர்கள் கன்சோலின் Power Saving பகுதியில் உள்ள Supply Power to USB Ports என்ற அமைப்பை Always என்பதிலிருந்து 3 Hours என்று மாற்றிக்கொள்ளலாம். அது பேட்டரி நிரம்புவதைத் தடுக்காது என்றாலும், இரவு பகலாக அது உச்சியிலேயே நிற்பதைத் தடுக்கும். 5 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பநிலையில் சார்ஜ் செய்யச் சொல்கிறது சோனியின் வழிமுறை ஏடு. கன்சோலின் சூடான காற்று வெளியேறும் பின்புறம் கன்ட்ரோலருக்கு ஏற்ற இடம் அன்று.

மறுமுனையிலும் ஓர் ஆபத்து உண்டு. சார்ஜ் முற்றும் தீர்ந்த கன்ட்ரோலரை மாதக்கணக்கில் அலமாரியில் போட்டுவைத்தால், தானாகக் கசியும் சிறு மின்னோட்டத்தாலேயே மின்னழுத்தம் 2.5 வோல்ட்டுக்கும் கீழே இறங்கக்கூடும். அது இன்னும் வெகுவாக இறங்கினால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்குகிறது. அப்படிப்பட்ட கன்ட்ரோலரைச் செருகினால், சார்ஜ் ஏறுவதைக் காட்டும் ஆரஞ்சு விளக்கு எரியாமலே போகலாம். நீண்ட நாள் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இடும் நிக்கல் உலோக ஹைட்ரைடு ஏஏ பேட்டரிகளுக்கு இந்த விதி பொருந்தாது. அவற்றை நிரப்பியே வைத்திருக்கலாம். அங்கே கெடுதல் வருவது, வலுக் குறைந்த ஒன்றையும் புதிய ஒன்றையும் ஜோடி சேர்ப்பதால். முதலில் தீர்ந்துபோனதை மற்றது தலைகீழாகச் சார்ஜ் செய்து கெடுத்துவிடும்.

லித்தியம் பேட்டரியில் ஒருமுறை இழந்த கொள்ளளவை எந்தப் பழக்கமும் மீட்டுத் தராது. முழுதாகத் தீர்த்துவிட்டு நிரப்பினால் புத்துயிர் பெறும் என்ற அறிவுரை பழைய நிக்கல்-காட்மியம் காலத்தது. டூயல்சென்ஸின் பேட்டரி சிறு இணைப்பானால்தான் பொருத்தப்பட்டிருக்கிறது, ஆகவே பற்றவைப்பு இல்லாமலே மாற்றலாம். அதே அளவுள்ள பேட்டரியில் இரு மடங்கு கொள்ளளவு அச்சிட்டு விற்றால் நம்ப வேண்டியதில்லை. கன்ட்ரோலரின் ஓடு பொருந்துமிடத்தில் புதிதாக இடைவெளி தென்பட்டால் பேட்டரி உப்பியிருக்கலாம். அதைச் சார்ஜ் செய்யாமல், அழுத்தாமல், மின்னணுக் கழிவு சேகரிப்பிடத்தில் சேர்த்துவிட வேண்டும்.