25 கிலோ ரோலில் ஐந்து ஓட்டை: ஒரு பாய்சான் கணக்கைப் படிக்கும் முறை

திருப்பூரில் பின்னலாடைத் துணியின் தரச் சோதனையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். போன மாதம் அண்ணன் மகள் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினாள். கல்லூரிப் புள்ளியியல் தாளிலிருந்து ஒரு கணக்கு. கீழே ஒரு வரி: "சித்தப்பா, எனக்கு 0.0077 வருகிறது, விடைத்தாளில் 0.1847 இருக்கிறது. உங்கள் துணிக் கணக்குதானே, பாருங்கள்."

தாளை மடித்து வைத்திருந்திருக்கிறாள். மடிப்பு ஒரு வரியின் குறுக்கே ஓடியது, மேலே விளக்கின் பளபளப்பு வேறு. நான் படித்தது இப்படி: "ஒரு பின்னல் எந்திரத்தில் 10 கிலோ துணிக்குச் சராசரியாக 12 ஓட்டைகள் விழுகின்றன. 25 கிலோ ரோல் ஒன்றில் 5 ஓட்டைகளுக்குக் குறையாமல் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?"

எனக்குச் சட்டென்று உறுத்தியது. 10 கிலோவுக்கு 12 என்றால் ரோலுக்கு 30 ஓட்டை. அந்தத் துணியில் ஐந்தாவது ஓட்டை விழுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். விடை ஏறத்தாழ 1 ஆகிவிடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 1-க்கும் 2-க்கும் நடுவே, பளபளப்பில் கரைந்துபோன ஒரு புள்ளி. 12 அல்ல, 1.2. படத்தில் வரும் கணக்கில் முதலில் காணாமல் போவது தசமப் புள்ளிதான். விடை 0-ஐயோ 1-ஐயோ ஒட்டி வந்தால் கணக்கைத் திரும்பப் போடுவதற்கு முன் படத்தைத் திரும்பப் பார்ப்பது என் பழக்கம்.

என் தவறு புள்ளியில் என்றால் அவள் தவறு அலகில். தற்செயலாக விழும் ஓட்டை போன்றவை எத்தனை வரும் என்பதன் நிகழ்தகவைத் தருவது பாய்சான் பரவல். அதற்குத் தேவையான எண் ஒன்றே ஒன்று: கேள்வி கேட்கப்படும் அளவுக்குள் விழும் சராசரி எண்ணிக்கை. அதை λ என்று எழுதுவார்கள். கணக்கு தருவது 10 கிலோவுக்கான சராசரி, கேட்பதோ 25 கிலோ ரோலைப் பற்றி. ஆகவே λ = 1.2 × 2.5 = 3. அவள் 1.2-ஐ அப்படியே போட்டிருந்தாள், அதனால்தான் 0.0077. மணிக்கு ஆறு வாடிக்கையாளர் என்று கொடுத்துவிட்டு இருபது நிமிடத்தைப் பற்றிக் கேட்கும் கணக்கிலும் இதே குழிதான். அங்கே λ இரண்டு.

இனிக் கூட்டல். "ஐந்துக்குக் குறையாமல்" என்றால் 5, 6, 7 என்று முடிவில்லாமல் போகும். அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டே போக முடியாது. எனவே எதிர்ப்பக்கத்தைக் கூட்டி ஒன்றிலிருந்து கழிக்கிறோம்: 0 முதல் 4 வரை. ஒவ்வொரு உறுப்புக்கும் சூத்திரத்தைப் புதிதாகப் போட வேண்டியதில்லை. முந்தைய உறுப்பை λ-ஆல் பெருக்கி, இப்போதைய எண்ணிக்கையால் வகுத்தால் அடுத்தது கிடைத்துவிடும். வலப்பக்க நிரல் அதுவரை சேர்ந்த குவிவுக் கூட்டல்.

```
P(0) = e^(-3)      = 0.04979   0.04979
P(1) = P(0) × 3/1  = 0.14936   0.19915
P(2) = P(1) × 3/2  = 0.22404   0.42319
P(3) = P(2) × 3/3  = 0.22404   0.64723
P(4) = P(3) × 3/4  = 0.16803   0.81526
```

1 − 0.8153 = 0.1847. விடைத்தாள் சரிதான். கையால் போடும்போது ஒரு சோதனை இருக்கிறது: உறுப்புகள் λ வரை ஏறி, அதன்பின் இறங்க வேண்டும். λ முழு எண்ணாக இருந்தால் உச்சியில் இரண்டு உறுப்புகள் சமமாக நிற்கும். இங்கே P(2)-உம் P(3)-உம் அப்படி நிற்பதைப் பாருங்கள். நில்லாவிட்டால் எங்கோ வகுத்தலில் பிசகு.

விரிதாளில் இதே வேலை ஒரு வரி:

```
=1-POISSON.DIST(4,3,TRUE)
```

கடைசியில் உள்ள TRUE குவிவுக் கூட்டலைத் தரும். FALSE என்று போட்டால் சரியாக நான்கு ஓட்டைக்கான 0.168 மட்டும் வரும். அதை ஒன்றிலிருந்து கழித்து 0.832 என்று எழுதிவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தின் பின்பக்க அட்டவணையைப் படமெடுத்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. சில அட்டவணைகள் பூச்சியத்திலிருந்து அந்த எண் வரை கூட்டித் தருகின்றன, சில அந்த எண்ணிலிருந்து மேலே கூட்டித் தருகின்றன. தலைப்பு வரி படத்தில் விழவில்லையென்றால், கீழே போகப் போக எண்கள் 1-ஐ நோக்கி ஏறுகின்றனவா, 0-ஐ நோக்கி இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஏறினால் முதல் வகை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் தொழிலில் பணம் போவது இங்கேதான். "ஐந்துக்குக் குறையாமல்" என்பதில் ஐந்து உண்டு. "ஐந்துக்கு மிகாமல்" என்பதிலும் ஐந்து உண்டு. "ஐந்துக்கு மேல்" என்பதில் இல்லை. ஆனால் பேச்சில் "அஞ்சும் அதுக்கு மேலயும்" என்ற பொருளிலும் அதைச் சொல்லிவிடுகிறோம். "ஐந்துக்குள்" என்றால் ஐந்து உள்ளேயா வெளியேயா என்று இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு பதில் வரலாம். 200 ரோல் சரக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஓட்டை இருந்தாலே தள்ளுபடி என்றால் நிகழ்தகவு 0.1847, சராசரியாக 37 ரோல் திரும்பும். ஐந்தைத் தாண்டினால்தான் தள்ளுபடி என்றால் P(5)-ஐயும் கூட்டிக்கொள்ளலாம், குவிவு 0.9161, மீதி 0.0839, திரும்புவது 17 ரோல். நடுவிலுள்ள இருபது ரோல் ஒரு சொல்லின் விலை. ஒரு முறை எங்களுக்கு இப்படி நடந்த பிறகு, ஒப்பந்தத்தில் "5 அல்லது அதற்கு மேல்" என்று எண்ணோடு எழுதச் சொல்லிவிட்டேன்.

மருமகப்பிள்ளைபோல் கணக்குத்தாள் எப்போதும் மரியாதையாக நடந்துகொள்ளும். எந்திரம் அப்படியில்லை. பாய்சான் பரவல் ஒரு ஓட்டை விழுந்ததற்கும் இன்னொன்று விழுவதற்கும் தொடர்பில்லை என்று எடுத்துக்கொள்கிறது. ஊசி ஒன்று உடைந்தாலோ கொக்கி வளைந்தாலோ, யாராவது பார்த்து நிறுத்தும் வரை ஓட்டை வரிசையாக விழும். பத்து ரோல்களின் எண்ணிக்கை இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: 1, 0, 2, 1, 0, 15, 1, 0, 9, 1. சராசரி அதே மூன்றுதான். ஆனால் எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் மாறுபாட்டைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 25 வருகிறது. பாய்சானில் சராசரியும் மாறுபாடும் சமமாக இருக்க வேண்டும். 1898-இல் புள்ளியியலாளர் போர்ட்கேவிச் பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை வெளியிட்டார்: ஒரு படைப்பிரிவுக்கு ஓராண்டு என்ற கணக்கில் 200 பதிவுகளில் 122 இறப்பு, சராசரி 0.61, மாறுபாடும் ஏறத்தாழ அவ்வளவே. குதிரைகள் பேசிவைத்துக்கொண்டு உதைப்பதில்லை.

பத்து ரோல் வரிசையில் 0.1847 என்ற எண்ணால் பயனில்லை. பூச்சிய ஓட்டை ரோல் பத்தில் அரை ரோல்தான் எதிர்பார்க்க வேண்டும், இங்கே மூன்று இருக்கின்றன. மறுபக்கம் 15-உம் 9-உம். இத்தகைய வரிசை வந்தால் நான் அட்டவணையை மூடிவிட்டு அந்த இரண்டு ரோல்களைச் சோதனை மேசையில் விரிக்கச் சொல்வேன். ஓட்டைகள் ஒரே நீளக்கோட்டில் வந்தால் அது ஒரு ஊசி. அதை 15 என்று எழுதாமல் ஒரு சம்பவம் என்று எழுதி, ஊசி மாற்றிய பிறகு வரும் ரோல்களிலிருந்து சராசரியை எடுத்தால்தான் அடுத்த λ உருப்படியாக இருக்கும்.

அண்ணன் மகளுக்கு இதில் பாதியைத்தான் எழுதினேன். "2.5-ஆல் பெருக்கு" என்ற வரிக்கு மட்டும் உடனே பதில் வந்தது: "மடிப்புக்கு அடியில் இருந்தது சித்தப்பா, பார்க்கவே இல்லை."